வீட்டுத் தரகர் சங்கத்தாருக்கு: கடைசி 5 லட்சத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஒப்பந்தப் படிவத்தில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். "விற்பனை விலையில் இவ்வளவு சதவீதம்" என்று இருக்கிறதே, அந்த வரி. கமிஷனே கூடாது, எந்த வீடானாலும் ஒரே தொகை வாங்குங்கள் என்று சொல்கிறவர்கள் பக்கம் நான் இல்லை, ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன்.

"விலை கூடினால் எங்கள் கமிஷனும் கூடும், அதனால் உங்களுக்கு எது நல்லதோ அதுதான் எங்களுக்கும் நல்லது" என்று உங்கள் உறுப்பினர்கள் விற்பவரிடம் சொல்வது வழக்கம். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தன் வீட்டுக்கு 100 லட்சம் எதிர்பார்க்கிறார், பேசிய கமிஷன் 2 சதவீதம். 95 லட்சத்துக்கு ஒரு பார்ட்டி தயாராக வந்து நிற்கிறது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் 100 லட்சத்துக்கே ஆள் வரக்கூடும். பொறுத்தால் விற்பவருக்குக் கூடுதலாக 5 லட்சம். தரகருக்கு? 1,90,000 வர வேண்டிய இடத்தில் 2,00,000 வரும், அதாவது வெறும் 10,000 கூடுதல். அந்த 10,000க்காக அவர் இன்னும் ஒரு மாதம் விளம்பரம் போட வேண்டும், வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டைத் திறந்து காட்ட வேண்டும், இதற்கு நடுவில் கையில் இருக்கும் பார்ட்டி வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டால் 1,90,000மும் போச்சு. அந்த இடத்தில் யார் இருந்தாலும் "இதுக்கு மேல வராது, முடிச்சிடலாம்" என்றுதான் சொல்வார்கள். தரகர் நேர்மையானவரா இல்லையா என்பது இதில் பேச்சே இல்லை, படிவத்தில் இருக்கும் வரி அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் விற்பனையான ஏறத்தாழ 1 லட்சம் வீடுகளின் விவரங்களை எடுத்து அலசி, 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது எப்படி விற்கிறார்கள், அடுத்தவர் வீட்டை எப்படி விற்கிறார்கள் என்று ஒப்பிட்டதில், வீட்டின் தன்மைகளைக் கணக்கில் எடுத்த பிறகும், சொந்த வீடு சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலைக்குப் போயிருக்கிறது, விற்க சுமார் 9.5 நாள் அதிகம் ஆகியிருக்கிறது. தொழில் தெரிந்தவருக்கு எவ்வளவு பொறுக்கலாம் என்பது தெரியும். கூடுதல் விலை முழுவதும் தன் பைக்கு வரும்போது பொறுக்கிறார், அதில் நூற்றில் சில பங்குதான் வரும் என்றால் பொறுப்பதில்லை.

அப்படியானால் ஒரே தொகை வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், இந்த விஷயத்தில் இன்னும் மோசம். கமிஷனில் கடைசி 5 லட்சத்துக்கு 10,000மாவது இருந்தது, நிலையான கட்டணத்தில் அதுவும் கிடையாது. 95க்குப் போனாலும் 100க்குப் போனாலும் அவருக்கு ஒன்றுதான். அதிலும் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிவிட்டால் வீடு விற்காவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. அதனால் "ஃபிக்ஸட் ஃபீஸ், கமிஷன் கிடையாது" என்ற விளம்பரத்தைப் பார்க்கிறவர்கள், அந்தப் பணத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விற்று முடிந்த பிறகு கொடுப்பதும் ஒப்பந்தத்தன்றே கொடுப்பதும் ஒன்றல்ல.

ஆனால் ஒரே தொகைதான் சரி என்கிற இடங்களும் உண்டு. முக்கியமானது வாங்குபவர் பக்கம். வாங்குபவருக்காக விலை பேசுகிற தரகருக்கு விலையில் சதவீதம் கொடுத்தால், 3 லட்சம் குறைத்துக் கொடுத்ததற்காக அவருடைய கமிஷனே குறைகிறது, இதைவிடத் தலைகீழான ஏற்பாடு இருக்க முடியாது. இன்னொன்று சின்ன வீடுகள். 20 லட்சம் வீட்டுக்கும் 100 லட்சம் வீட்டுக்கும் அலைச்சல் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் 2 சதவீதத்தில் ஒன்றுக்கு 40,000, மற்றதற்கு 2 லட்சம். சின்ன வீட்டுக்காரர் போன் செய்தால் எடுக்க ஆளில்லாமல் போவது இதனால்தான்.

சரி, விற்பவர் பக்கத்துக்கு நான் கேட்பது அடுக்குக் கமிஷன். முதலில் ஓர் அடிப்படை விலையை இரண்டு பேரும் ஒத்துக்கொள்வது, அதுவரை குறைந்த சதவீதம், அதற்கு மேல் வரும் பணத்தில் மட்டும் பெரிய பங்கு. அதே வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை விலை 90 லட்சம், அதுவரை 1 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம். 95க்கு முடித்தால் 90,000மும் 50,000மும் சேர்ந்து 1,40,000. 100க்கு முடித்தால் 1,90,000. விற்பவர் கொடுக்கும் மொத்தத் தொகை பழைய 2 லட்சத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அந்தக் கடைசி 5 லட்சத்துக்காகப் பொறுத்தால் தரகருக்கு இப்போது 10,000 அல்ல, 50,000. 105க்கு விற்றுக் கொடுத்தால் 2,40,000, பழைய கமிஷனில் கிடைக்கும் 2,10,000ஐவிட அதிகம். நன்றாக விலை பேசத் தெரிந்த உங்கள் உறுப்பினர்களுக்கு இது லாபம்தான்.

இதில் ஓட்டை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் சிலர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். அடிப்படை விலையைக் குறைத்துப் பேசினால் போதும். "இந்த ஏரியாவுல 80 போனாலே பெரிசு" என்று சொல்லி 80ஐ எழுதிவிட்டால், 95க்கு விற்றாலே தரகருக்கு 2,30,000. அதனால் அடிப்படை விலையைத் தரகர் வாயால் கேட்டு எழுதக் கூடாது. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் பதிவான இரண்டு மூன்று விற்பனைகளின் விலையை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும், முடிந்தால் இந்த விற்பனையில் எந்தப் பங்கும் இல்லாத மதிப்பீட்டாளர் ஒருவருக்கு ஒரே தொகை கொடுத்து மதிப்பு எழுதி வாங்க வேண்டும். இன்னொரு பக்கம், வேலையைப் பிடிப்பதற்காக "120க்கு வித்துத் தரேன்" என்று ஆசை காட்டிவிட்டு இரண்டு மாதம் கழித்து விலையைக் குறைக்கச் சொல்லும் பழக்கம் இதில் தானாகவே அடங்கும். பதிவான விலைகளைவிட உயர்த்திச் சொன்னால் அதை ஒட்டியே அடிப்படை விலையும் ஏறும் என்றால் தரகர் நிதானமாகத்தான் பேசுவார்.

அவசரமாகப் பணம் தேவைப்பட்டு விற்பவருக்கு இந்த அடுக்கு பொருந்தாது. அவருக்கு விலையைவிட நாள் முக்கியம். தரகர் மேல் அடுக்குக்காகக் காத்திருந்தால் விற்பவர் மாட்டிக்கொள்வார். அவருக்கு ஒரே தொகை, குறித்த தேதிக்குள் முடித்தால் கொஞ்சம் கூடுதல் என்று பேசுவதே நல்லது.

உங்கள் தரப்பு நியாயம் ஒன்று எனக்குப் புரிகிறது. நாலு வீட்டுக்கு அலைந்தால் ஒன்றுதான் முடிகிறது, முடிந்த வீட்டுக்காரர் முடியாத மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். அதனால் புகைப்படம், விளம்பரம், ஆவணங்களைச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு ஒரு சின்னத் தொகையை முன்னதாகவே வாங்குங்கள், விற்பனை முடிந்ததும் கமிஷனில் கழித்துக்கொள்ளுங்கள். வெறுமனே விலை தெரிந்துகொள்வதற்காக மட்டும் உங்களை அலைய விடுகிறவர்கள் அதிலேயே விலகிப் போவார்கள்.

படிவத்தில் தேவைப்படுவது மூன்று கோடிட்ட இடங்கள்: அடிப்படை விலை, அதுவரை சதவீதம், அதற்கு மேல் சதவீதம். பழைய வரியை எடுத்துவிட வேண்டும் என்றுகூட இல்லை, அதன் கீழே இதையும் அச்சிட்டு, எது வேண்டும் என்று விற்பவரே டிக் செய்யட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசுங்கள். மறுப்பதாக இருந்தால், 95க்கும் 100க்கும் நடுவில் இப்போதைய கமிஷன் யாருக்காக வேலை செய்கிறது என்று உங்கள் கணக்கையும் எழுதிக் காட்டுங்கள்.