வெள்ளை சோப்பு பழுப்பாவது எதனால்? வாசனை எண்ணெய் வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வெனிலா வாசனையை மெழுகுவர்த்தியில் போட்டேன், லேசான க்ரீம் நிறத்தோடு நின்றுவிட்டது. அதே பாட்டிலிலிருந்து சோப்பில் போட்டேன், ஒரு மாதத்தில் சாக்லேட் மாதிரி ஆகிவிட்டது. பாட்டிலில் ஏதாவது கோளாறா?" வேறு வேறு வார்த்தைகளில் இந்தக் கேள்வி கடைக்கு அடிக்கடி வருகிறது. பாட்டில் சரியாகத்தான் இருக்கிறது. நிறம் மாற இரண்டு காரணங்கள் சேர வேண்டும்: வாசனை எண்ணெயில் இருக்கும் வெனிலின், அது போய்ச் சேருகிற இடம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வெனிலின் என்பது வெள்ளையான, ஊசி ஊசியான படிகம். வெனிலாக் காய்க்கு அந்த வாசனையைத் தருவதில் முதன்மையானது அதுதான். 1874 முதலே அதைச் செயற்கையாகச் செய்யத் தெரியும் என்பதால் இன்று கடையில் கிடைக்கும் வாசனை எண்ணெய்களில் பெரும்பாலும் செயற்கை வெனிலின்தான் இருக்கும். வேதியியலில் அது ஃபீனால் வகையைச் சேர்ந்தது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகிறதே, அங்கேயும் ஃபீனால்தான் காற்றோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. வாழைக்காயில் அதைத் தூண்டிவிடுவது நொதி. சோப்பில் அந்த வேலையைச் செய்வது காரம்.

நாம் செய்யும் கோல்ட் ப்ராசஸ் சோப்பு நன்றாக முதிர்ந்த பிறகும் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். அந்தக் காரத்தில் வெனிலின் தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சுலபமாக வினைபுரியும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகிப் பழுப்பு நிறப் பொருளாக மாறுகின்றன. வெளிச்சமும் சூடும் இதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். இருட்டில் வைத்தாலும் சோப்பு பழுக்கும், கொஞ்சம் மெதுவாக.

மெழுகில் காரம் கிடையாது. சோயா மெழுகானாலும் பாரஃபினானாலும் அங்கே வெனிலினுக்கு வெளிச்சம், சூடு, காற்று மூன்றும்தான் உண்டு. அதனால் நிற மாற்றம் மெதுவாக, லேசாக நடக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்பது ஒரு கணக்குப் போட்டால் தெரியும். வெனிலின் 8 சதவீதம் உள்ள ஒரு வாசனை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ எண்ணெயில் செய்யும் சோப்புக்கு 3 சதவீதம், அதாவது 30 கிராம் போடுகிறீர்கள். அதில் வெனிலின் 2.4 கிராம். காஸ்டிக் சோடா, தண்ணீர் எல்லாம் சேர்ந்து கலவை ஏறக்குறைய 1.45 கிலோ வரும் என்பதால், சோப்பில் வெனிலின் ஏறக்குறைய 0.17 சதவீதம்தான். இப்போது மெழுகுவர்த்தி: 200 கிராம் சோயா மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 16 கிராம் வாசனை. அதில் வெனிலின் 1.28 கிராம், மொத்தத்தில் ஏறக்குறைய 0.6 சதவீதம். மெழுகில் இருப்பது சோப்பில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனாலும் மெழுகு க்ரீம் நிறத்தோடு நிற்கிறது, சோப்பு பழுப்பாகிறது. ஆக, "இந்த வாசனை நிறம் மாறுமா?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். எதில் போடப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? முதலில், பாட்டிலில் இருக்கும் எண்ணெயின் நிறத்தை நம்ப வேண்டாம். வெனிலின் தானே வெள்ளைப் படிகம் என்பதால், அது நிறைய உள்ள எண்ணெயும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கலாம். பெயரையும் நம்ப முடியாது. வெனிலா, சாக்லேட், கேரமல், காபி என்று பெயர் இருந்தால் யாரும் உஷாராகிவிடுவார்கள். சிக்க வைப்பவை பேபி பவுடர், தேங்காய், பாதாம், ஆம்பர், சில சந்தன வாசனைகள். "பேபி பவுடர் என்றால் வெள்ளைதானே" என்று வெள்ளைச் சோப்புக்கு வாங்கிப்போகிறவர்கள் அதிகம். அந்த வாசனையின் மென்மையான இனிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் வெனிலின் இருக்கும்.

நம்பக்கூடியது அந்த எண்ணெயின் விவரத் தாளில் இருக்கும் வெனிலின் சதவீதம்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எத்தில் வெனிலின் என்று இன்னொரு பொருள் இருக்கிறது. வெனிலினைவிட வாசனை இரண்டு முதல் நான்கு மடங்கு தூக்கலாக இருக்கும், சோப்பில் அதே மாதிரி பழுக்கவும் செய்யும். சில தாள்களில் "வெனிலின் 0" என்று போட்டுவிட்டு, எத்தில் வெனிலினை வேறு வரியில் போட்டிருப்பார்கள், அல்லது போடாமலே விட்டிருப்பார்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். தாளில் பெயர் எப்படி எழுதியிருந்தாலும் சி.ஏ.எஸ். எண் மாறாது: வெனிலினுக்கு 121-33-5, எத்தில் வெனிலினுக்கு 121-32-4. பாதுகாப்புத் தரவுத் தாளில் இந்த எண்கள் இல்லை என்பதால் மட்டும் வெனிலின் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அபாயக் குறிப்பு தேவைப்படும் பொருள்களை, ஒரு அளவுக்கு மேல் இருந்தால் மட்டும்தான் அந்தத் தாளில் போடுவார்கள். அதனால் சதவீதத்தைத் தனியாகக் கேட்டு வாங்குவதே நல்லது.

கோல்ட் ப்ராசஸ் சோப்பில் 3 சதவீதம் வாசனை போடும்போது தோராயமாக இப்படி வரும். கூட்டுத்தொகை அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தந்த நிறம். ஒன்று முதல் மூன்று சதவீதம் என்றால் வெளிர் பழுப்பு. ஐந்தைத் தாண்டினால் நல்ல பழுப்பு, பத்துக்கு மேல் கருஞ்சாக்லேட். வெள்ளையாகவே நிற்க வேண்டும் என்றால் பூஜ்யம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும், "கொஞ்சம்தானே" என்று எடுத்தால் அது சோப்பில் தெரியும். மெழுகில் இவ்வளவு கறார் வேண்டாம். ஒன்று, இரண்டு சதவீதம் உள்ளதை எடுத்தாலும் சோயா மெழுகின் இயல்பான க்ரீம் நிறத்திலேயே அது அடங்கிவிடும்.

வெனிலின் பூஜ்யம் என்றாலே நிறம் மாறாது என்றும் சொல்லிவிட முடியாது. மல்லிகை வாசனையில் வரும் இண்டோல் சோப்பை லேசாகப் பழுப்பாக்கும். ஆரஞ்சுப் பூ, திராட்சை வாசனைகளில் வரும் மெத்தில் ஆந்த்ரனிலேட் மஞ்சளாக்கும். கிராம்பின் யூஜெனால் வெளிர் பழுப்பைத் தரும். வெள்ளைச் சோப்புக்கு லாவெண்டர், ரோஜா, புதினா வகைகள் பொதுவாகப் பாதுகாப்பானவை. அதிலும் "லாவெண்டர் வெனிலா" என்று ஜோடி சேர்த்து வருபவற்றை விட்டுவிடுங்கள்.

வெனிலா வாசனையும் வேண்டும், வெள்ளையும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, வெனிலினுக்குப் பதில் வெனிலின் ஐசோபியூட்டிரேட் போட்ட எண்ணெய்கள் இருக்கின்றன. நிறம் மாற்றும் அந்த ஃபீனால் முனையை எஸ்டராக்கி மூடிவிட்ட பொருள் இது. மெழுகில் நன்றாகவே வேலை செய்யும். சோப்பில் நம்பாதீர்கள். கொழுப்பை உடைத்துச் சோப்பாக்கும் அதே காரம் இந்த எஸ்டரையும் உடைத்து, உள்ளே இருக்கும் வெனிலினை வெளியே விட்டுவிடும். "நிறம் மாறாத வெனிலா" என்று லேபிளில் பார்த்தால், அது மெழுகுக்கா சோப்புக்கா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெனிலா ஸ்டெபிலைசர் பற்றியும் கேட்கிறீர்கள். மெல்ட் அண்ட் போர் சோப்பில் அது உதவும். வாசனை எண்ணெயோடு முதலில் கலந்து சில நிமிடம் வைத்துவிட்டு, பிறகு உருகிய பேஸில் ஊற்ற வேண்டும். வெனிலின் அதிகம் என்றால் வாசனையின் எடைக்குச் சரிபாதி முதல் சமமாகவே தேவைப்படும், அந்தந்தத் தயாரிப்பாளர் சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள். கோல்ட் ப்ராசஸில் அது பழுப்பைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. சில வாரம் வெள்ளையாக இருந்து, விற்பனைக்குப் போன பிறகு பழுத்தால் உங்களுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் அதற்காக அதை வாங்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. டைட்டானியம் டை ஆக்ஸைடும் அப்படித்தான்: பழுப்பை வெளிர வைக்கும், வெள்ளையாக்காது. மெழுகுக்கு விற்கும் யூவி தடுப்பான் வெளிச்சத்தால் வரும் மஞ்சளைக் குறைக்கும். வெனிலின் நிறைய இருந்தால் அதனாலும் முழுதாகத் தடுக்க முடியாது.

புது வாசனை எதையும் பெரிய அளவில் இறக்கும்முன் சோதித்துப் பார்ப்பது சுலபம். வழக்கமாகச் சோப்பு செய்யும் நாளில், ட்ரேஸ் வந்ததும், வாசனை சேர்க்கும்முன் கலவையில் 200 கிராமைத் தனியே எடுங்கள். பாதியை அப்படியே ஊற்றிவிடுங்கள். மீதி 100 கிராமில் வாசனையை 2 கிராம் கலந்து ஊற்றுங்கள். கெட்டியானதும் இரண்டையும் இரண்டிரண்டாக வெட்டி, ஒரு பாதியை அலமாரிக்குள்ளும் ஒரு பாதியை ஜன்னலோரத்திலும் வையுங்கள். மூன்றாம் நாள், இரண்டு வாரம், ஆறு வாரம் என்று பார்த்தால் போதும்.

வாசனை போடாத துண்டும் மஞ்சளாக இருந்தால் காரணம் உங்கள் எண்ணெய், வாசனை அல்ல. வாசனைத் துண்டில் ஜன்னலோரம் வைத்தது மட்டும் நிறம் மாறியிருந்தால் வெளிச்சம்தான் பிரச்சினை, பேக்கிங்கை மாற்றினால் தீரும். அலமாரியில் இருந்ததும் பழுத்திருந்தால் வெனிலின், இல்லையென்றால் மேலே சொன்ன இண்டோல், யூஜெனால் போன்றவைதான். இரண்டாம் வாரத்தில் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். காற்று படும் வெளிப்பக்கம் பழுப்பாகவும் நடுப்பகுதி வெளிறியும் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை, முழுத் துண்டும் அந்த நிறத்துக்கு வரும். இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆரஞ்சுப் புள்ளிகள், கூடவே காறல் வாடை என்றால் அது வேறு விஷயம், எண்ணெய் கெட்டுவருகிறது. வெனிலின் பழுப்பில் சோப்பு கெட்டுப்போவதில்லை. குளிக்கலாம், வாசனையும் இருக்கும்.

வெள்ளை, பழுப்பு என்று இரண்டு அடுக்காகச் செய்பவர்களுக்கு ஒன்று. வாசனையைப் பழுப்பு அடுக்கில் மட்டும் போட்டு, வெள்ளை அடுக்கை வாசனையில்லாமல் விட்டால் முதலில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சோப்புக்குள் இருக்கும் ஈரத்தில் வெனிலின் மெல்ல நகரும். சில வாரங்களில் கோடு மங்கி, வெள்ளையின் ஓரம் பழுப்பேறும். அதனால் புகைப்படம் எடுப்பதானால் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். பொருளின் விவரத்தில் "நாளாக நிறம் ஆழமாகும்" என்று எழுதிவிட்டால் புகார் வராது.

இனி எங்கள் விலைப்பட்டியலில் ஒவ்வொரு வாசனைக்கும் எதிரே வெனிலின், எத்தில் வெனிலின் இரண்டின் சதவீதமும் தனித்தனியாக இருக்கும். ஆர்டர் போடும்போது சோப்புக்கா, மெழுகுக்கா, மெல்ட் அண்ட் போருக்கா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். சோப்புக்கு என்றால், சதவீதத்தைப் பார்த்து எங்களுக்குச் சந்தேகம் வந்தால் பாட்டிலை அனுப்பும்முன் கூப்பிட்டுக் கேட்போம்.

இப்படிக்கு,
கடைக்காரர்