மீனாளுக்கு, அந்த ஷட்டர் பற்றி

உ

காரைக்குடி

அன்புள்ள மீனாளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் ஆத்தாவும் நலம். அங்கே உன் நலத்தையும் மாப்பிள்ளை, பிள்ளைகள் நலத்தையும் எழுது.

கடைக்கு மோட்டார் ஷட்டர் போட்டாயிற்று. தோள்பட்டை வலியோடு இனிமேல் தூக்க வேண்டாம் என்று ஆத்தா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். பழைய ஷட்டரைக் கழற்ற நேற்று ஆட்கள் வந்தார்கள். ஷட்டர் ஏறி இறங்குகிற இடது பக்கத்து இரும்புக் காடியைச் சுவரிலிருந்து பெயர்த்துத் திண்ணையில் சாய்த்தபோது, முழங்கால் உயரத்தில் அதன் வெளி உதட்டில் ஸ்பானர் கவ்விய தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. மேலே இரண்டு கை பச்சை பெயிண்ட் அடித்த பிறகும் மறையவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன். நீ அப்போது ஏழாம் வகுப்பு. முழுதாக நினைவிருக்குமோ என்னவோ.

பிள்ளையார் நோன்புக்கு நாலைந்து நாள் இருக்கும். பொரி, எள்ளு, வெல்லம் எல்லாம் வந்து இறங்கி, கடையில் நிற்க இடமில்லாத சமயம். ஒரு நாள் இரவு ஷட்டரை இறக்கும்போது முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. கொக்கியால் இழுத்தேன், வரவில்லை. அடிப்பட்டை மேல் காலை வைத்து மிதித்து இறக்கினேன். மறுநாள் காலை தூக்கினால் அதே முழங்கால் உயரத்தில் மாட்டிக்கொண்டது. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து, அடியில் கடப்பாரை கொடுத்து நெம்ப, 'டங்'கென்று சத்தத்தோடு ஏறியது. இரவு மறுபடி மிதி, காலையில் மறுபடி கடப்பாரை. ஷட்டர் வேலை செய்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, மேலே உருளையைத் தட்டிப் பார்த்தார். "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு, புதுசு போடணும், ரெண்டு நாள் ஆகும்" என்று சொல்லிப் போய்விட்டார். பக்கத்துக் காடியை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நீ என்னோடு கடைக்கு வந்தாய். நான் டீக்கடை ஆட்களைக் கூப்பிடப் போய்த் திரும்பினால், நீ குனிந்து, தனியாக ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறாய்! "கையை நசுக்கிக்காதே, அந்தப் பக்கம் போ" என்று கத்தினேன். நீ போகவில்லை.

"அப்பச்சி, நான் தூக்கினாலே முழங்கால் வரைக்கும் லேசா வருதே. ஸ்பிரிங் போயிருந்தா கீழேயே கனக்கணும்ல?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் நீ சொன்னது சரிதான். ஷட்டரைக் கீழே இழுக்க இழுக்கத்தான் உருளைக்குள் இருக்கிற ஸ்பிரிங் முறுக்கேறும். தரையில் இருக்கும்போதுதான் தகடுகள் அத்தனையும் உருளையிலிருந்து தொங்கும், முழுக் கனமும் அப்போதுதான். அந்தக் கனத்தை ஏந்துவது அந்த முறுக்கு. அது தளர்ந்திருந்தால் தரையிலிருந்து கிளப்பவே முடியாது. நம்முடையது பன்னிரண்டு வயதுப் பிள்ளை கைக்கு லேசாக வந்து, ஓர் இடத்தில் சுவரில் முட்டினதுபோல் நின்றது. தளர்ச்சி வேறு, முட்டல் வேறு. இருபது வருஷம் அந்த ஷட்டரைத் தூக்கி இறக்கிய எனக்கு இது தோன்றவில்லை.

அப்புறம் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தாய். ஷட்டர் நின்ற உயரத்தில் இரண்டு காடியிலும் கோடு போட்டாய். இறக்கித் தூக்கினாய், மறுபடி இறக்கித் தூக்கினாய். மூன்று முறையும் இடது பக்கம் ஒரே கோட்டில் வந்து நின்றது. வலது பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை மேலே போய்ச் சாய்ந்து நின்றது. "இடது பக்கம்தான் பிடிக்குது" என்றாய். அடிப்பட்டையின் இரண்டு முனையையும் பார்க்கச் சொன்னாய். வலது முனையில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. இடது முனையில் அழுக்கும் பெயிண்டும் உரிந்துபோய் இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. தினமும் நான் மிதித்த மிதியும் கடப்பாரையும் அங்கேதான் தேய்த்திருக்கின்றன.

எனக்கு ஒரு சந்தேகம். காடி நசுங்கியிருந்தால் தகடுகள் எல்லாமே அல்லவா மாட்ட வேண்டும்? அவை மட்டும் எப்படி லேசாகப் போகின்றன? உன்னைக் கேட்டேன். நீ விரலால் தகட்டையும் அடிப்பட்டையையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாய். தகடு மெல்லிசு. அடிப்பட்டைக்கு இரண்டு பக்கமும் ஆங்கிள் இரும்பு வைத்து முடுக்கியிருந்தது. அந்த ஆங்கிளின் முனையும் காடிக்குள் நுழைந்து ஓடுகிற மாதிரிதான் நம்ம ஷட்டர் செய்திருந்தார்கள். மெல்லிசானது நுழைந்து போய்விடும், தடித்தது முட்டும். "இது மட்டும் குண்டு, அதான்" என்றாய். அவ்வளவுதான் உன் விளக்கம்.

ஆனால் எது வளைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே நின்று பார்த்தால் இரண்டு காடியும் ஒன்றுபோல் நேராகத்தான் இருந்தன. நீ கடைக்குள் நுழைந்து காலி சோப்பு அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கிழித்தாய். ஷட்டரைத் தரை வரை இறக்கச் சொல்லி, தகட்டுக்கும் காடியின் வெளி உதட்டுக்கும் நடுவில் அட்டையைச் செருகினாய். வலது பக்கம் நாலாக மடித்த அட்டை இடுப்பிலிருந்து கால் வரை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இடது பக்கமும் அப்படித்தான் இறங்கியது, சாக்பீஸ் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும். அங்கே நின்றது. ஒரு மடிப்பைப் பிரித்தாய், நின்றது. ஒற்றை அட்டைகூட நுழையவில்லை. ஒரு சாண் தள்ளிக் கீழே செருகினால் மறுபடி நாலு மடிப்பும் போகிறது. அதாவது பழுது வெறும் ஒரு சாண் நீளம். நல்ல பக்கத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டாய் பார், அதை நினைத்து நான் இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறேன்.

பிறகு தரையில் உட்கார்ந்து, கன்னத்தைக் காடியோடு ஒட்டவைத்து, ஆசாரி பலகையின் விளிம்பைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்தாய். என்னையும் பார்க்கச் சொன்னாய். அப்போதுதான் தெரிந்தது: வெளி உதடு அந்த ஒரு சாணில் உள்பக்கமாகக் குழிந்திருந்தது. வளைந்த இடத்தில் பெயிண்ட் முடி முடியாக வெடித்திருந்தது. படியில் பச்சைப் பொடி உதிர்ந்து கிடந்தது. மூன்று நாளும் அந்தப் பொடியை நான்தான் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

ஏன் வளைந்தது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் நாள் மத்தியானம் வெல்ல மூட்டை ஏற்றி வந்த தள்ளுவண்டி திரும்பும்போது அச்சு முனை அந்தப் பக்கம் 'தட்'டென்று இடித்தது. ஷட்டர் மேலே சுருண்டிருந்ததால் காடி வெறுமையாக இருந்தது, உதட்டுக்கு உள்ளே தாங்க ஒன்றுமில்லை. அன்று இரவுதான் முதல் முறை மாட்டியது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஐயா காலத்தில் நம் கடைக்குப் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருக்கும், காலையில் ஒன்றொன்றாகக் காடியிலிருந்து உருவி அடுக்குவார்கள். மழை நாளில் பலகை மாட்டினால் ஐயா அடித்து ஏற்ற விடமாட்டார். எந்த எண் பலகை ஊறியிருக்கிறது என்று தடவிப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் சீவச் சொல்வார். நீ ஐயாவைப் பார்த்ததே இல்லை.

நிமிர்த்திய விதத்தையும் எழுதிவிடுகிறேன், உன் பிள்ளைகள் கேட்டால் சொல்லலாம். ஷட்டரை முழுக்க இறக்கி இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் போட்டேன். பாதியில் நிற்கிற ஷட்டரில் கை வைக்கக் கூடாது. பிடி விட்டால் முறுக்கேறிய ஸ்பிரிங் விருட்டென்று மேலே இழுத்துவிடும், இல்லையென்றால் காலில் விழும். மேலே உருளையை நாம் தொடவே இல்லை, அது பழகினவர் வேலை. சைக்கிள் கடையிலிருந்து பெரிய ஸ்க்ரூ ஸ்பானரை வாங்கி வந்தேன். நான் நேரே குழியின் நடுவில் மாட்டப் போனேன். அங்கே தகட்டுக்கும் உதட்டுக்கும் இடைவெளியே இல்லை, ஸ்பானரின் வாய் நுழையவில்லை. "ஓரத்திலிருந்து வாங்க அப்பச்சி, அங்கே அட்டை போகுதுல்ல" என்றாய். குழியின் கீழ் ஓரத்தில் உதட்டைக் கவ்வி ஒரு பொட்டு வெளியே இழுத்தேன். ஒரு விரல் மேலே நகர்த்தி இன்னொரு பொட்டு. பிறகு மேல் ஓரத்திலிருந்து கீழே. இப்படி இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு வந்தேன். ஒரே இழுப்பில் நிமிர்த்தியிருந்தால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்து இரும்பு இற்றிருக்கும்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீ அட்டையைச் செருகி, "ஒண்ணு போகுது", "ரெண்டு போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். மூன்றாவது சுற்றில் நாலு மடிப்பும் இறுக்கமாகப் போனது. நான் இன்னும் ஒரு இழுப்பு இழுக்க ஸ்பானரை மாட்டினேன். நீ என் கையைப் பிடித்துவிட்டாய். "அந்தப் பக்கம் எவ்வளவோ அவ்வளவுதான். ரொம்ப விரிஞ்சா தகடு வெளியே வந்துரும்ல?" வந்திருக்கும். காற்று அடிக்கிற நாளில் தகடு காடியை விட்டுக் கழன்று தொங்குவதை வேறு கடைகளில் நான் பார்த்திருக்கிறேன்.

நம் நல்லகாலம், காடியின் மூலையில் விரிசல் இல்லை, சுவரில் பதித்த இடமும் ஆடவில்லை. அப்படி இருந்தால் வெல்டிங்கும் கொத்தனாரும் இல்லாமல் ஆகியிருக்காது. அடிப்பட்டையின் இடது முனையில் எழும்பியிருந்த பிசிறை அரத்தால் நாலு தேய் தேய்த்தேன். காடியில் கிரீஸ் தடவலாம் என்றேன். நம் ஊர்ச் செம்மண் புழுதி அதில் ஒட்டிக் களியாகிவிடும் என்று, நீ கடையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்துத் தேய்த்தாய்.

தாழ்ப்பாளை எடுத்துவிட்டு "நீயே தூக்கு" என்றேன். முழங்கால் தாண்டி, இடுப்பு தாண்டி, உன் கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் ஏற்றினாய். மிச்சத்தை நான் தள்ளிவிட்டேன். அதே ஸ்பிரிங்தான் நேற்றுவரை ஓடியது.

அன்று காலை டீக்கடை ஆட்கள் முன்னால் உன்னைக் கத்தினேன். சரியான பிறகு அவர்களிடம் "பிள்ளை கண்டுபிடிச்சது" என்று சொன்னேனே தவிர, உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடையில் கூட்டம் வந்துவிட்டது, அப்படியே விட்டுப்போயிற்று. அன்று கத்தியது தப்பு, மீனாள். இத்தனை வருஷம் கழித்தாவது எழுத்தில் இருக்கட்டும்.

பழைய இரும்பு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாயிற்று. அந்த ஒரு சாண் காடியை மட்டும் அறுத்துத் தரச் சொல்லி வாங்கிக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன். தழும்பு பதினொன்று இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பச்சி