ஒளிக்காத ஒரு வரி

அன்புள்ள மாலா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். கல்யாணி அக்கா இன்னும் அந்தக் குடைக் கதையை விடவில்லை.

எழுத வந்தது வேறு விஷயம். நம் சோப்பு தயாராகும் வீடியோவுக்குச் சங்கர் ஒரு குறிப்பு எழுதினான். முதல் வரியே ‘ரசாயனம் துளியும் இல்லாதது’. அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று முழுக்க அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயே சொல், காஸ்டிக் சோடா சேராமல் எந்தக் கட்டிச் சோப்பு உருவாகும்? எண்ணெயோடு வினைபுரிந்து அது சோப்பும் கிளிசரினுமாக மாறுகிறது. அளவு சரியாக இருந்தால் முடிவில் சோடா மிஞ்சாது. இதை மறைத்து என்ன பெயர் எடுக்கப் போகிறோம்?

அந்த அளவைத்தான் காட்ட வேண்டும் என்கிறேன். 700 கிராம் ஆலிவ் எண்ணெய், 300 கிராம் தேங்காய் எண்ணெய். இரண்டையும் முழுக்கச் சோப்பாக்க 149 கிராம் சோடா தேவை. நாங்கள் போடுவது 142 தான். அந்த ஐந்து சதவீதக் குறைவால் கொஞ்சம் எண்ணெய் மாறாமல் தங்கிவிடும். தோல் வறண்டு இழுக்காது. எந்த எண்ணெயை மாற்றினாலும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தண்ணீரில் சோடாவைக் கொட்டுகிற காட்சியும் இருக்கிறது. சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும் என்பதால் ஒருபோதும் மாற்றிச் செய்வதில்லை. கரைசல் ஆறியதும் எண்ணெயில் கலந்து அடிக்கிறோம்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. கரண்டியைத் தூக்கினால் சொட்டுகிற கலவை, மேற்பரப்பில் ஒரு கோடாக நின்று, மெல்ல அமிழும். அதுதான் பதம். அதற்கு முன்பே அச்சில் ஊற்றினால் எண்ணெய் தனியாக மேலே மிதந்துவிடும். அடியில் சோடா தேங்கி, தொட்டால் தோலை அரிக்கும். அந்தக் கோடு விழும் நொடியை வீடியோவில் வெட்டாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் எழுதிய குறிப்பு இது:

‘இதில் காஸ்டிக் சோடா சேர்த்தோம். அளந்து சேர்த்தோம். இப்போது அது சோப்பாகிவிட்டது. ஓரிரு நாளில் துண்டு போட்டோம்; ஆனால் ஈரம் வற்றிக் கட்டி இறுகவேண்டும் என்பதற்காக ஆறு வாரம் அலமாரியில் காத்திருக்கிறது. அவசரப்பட்டு விற்றால் குளியலறையில் சீக்கிரமே கரைந்துபோகும்.’

சோடா என்ற சொல்லைப் பார்த்ததும் வாங்குபவர்கள் பயந்து ஓடுவார்கள் என்கிறான் சங்கர். அவன் கவலை எனக்குப் புரிகிறது. விற்றால்தானே அடுத்த எண்ணெய் வாங்க முடியும்? ஆனாலும் வாங்குகிறவரிடம் பொய் சொல்லிப் பிடிக்கிற பெயர் எனக்கு வேண்டாம். பயம் வருமென்றால் விளக்குவோம், மறைக்க மாட்டோம்.

வெள்ளிக்கிழமை வெளியிடுகிறோம். முதல் வாக்கியம் உனக்கு உறுத்துகிறதா என்று மட்டும் அதற்குள் எழுது. சங்கரிடம் தனியாகப் பேசி அவன் பக்கம் சாய்ந்துவிடாதே.

அன்புடன்,
வசந்தி