“உள்ளே போ” என்று கத்தும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இளையோர் கால்பந்து அணிகளைப் பழக்கும் பயிற்சியாளர்களுக்கு, வணக்கம்.

பல வருடம் ஸ்ட்ரைக்கராக ஆடியவன் நான். இப்போது வார இறுதிகளில் கோட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கிறேன். விங்கர் பந்தோடு ஓரமாகக் கிளம்பியதும் உங்களில் பாதிப் பேர் “பாக்ஸுக்குள்ள போ, போ!” என்று கத்துகிறீர்கள். பிள்ளையும் சொன்ன பேச்சு கேட்டு ஓடிப்போய், கோலுக்கு ஐந்தரை மீட்டரில் இருக்கும் சின்ன பாக்ஸின் கோட்டில் நின்றுவிடுகிறான். பந்து அவனுக்குப் பின்னால் உருண்டு போகிறது. அப்புறம் அவனுக்குத்தான் திட்டு.

கட்பேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விங்கர் கோல் கோடு வரை போய்விட்டான். கோலின் நடுவிலிருந்து பக்கவாட்டில் 12 மீட்டரில் இருக்கிறான். அங்கிருந்து பெனால்ட்டி புள்ளிக்குத் தரையோடு பந்தைப் பின்னால் இழுத்துக் கொடுக்கிறான். புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். குறுக்கே அளந்தால் பந்து போகவேண்டிய தூரம் ஏறக்குறைய 16 மீட்டர். நல்ல வேகத்தில் அடித்தால் ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த ஒரு நொடியில் ஓட்டத்தில் இருக்கும் பையன் ஆறேழு மீட்டர் கடப்பான். அப்படியானால், விங்கரின் கால் பந்தில் படும்போது நம் ஸ்ட்ரைக்கர் எங்கே இருக்கவேண்டும்? பெரிய பாக்ஸின் கோட்டருகே, கோலிலிருந்து 17, 18 மீட்டரில். அதுவும் நின்றுகொண்டு அல்ல, ஏற்கெனவே வேகம் பிடித்து. நாம் அனுப்பும் இடத்துக்கும் இதற்கும் 12 மீட்டர் வித்தியாசம்!

இது பலிப்பதற்குக் காரணம் டிஃபெண்டரின் கழுத்து. பந்து கோல் கோட்டுக்குப் போனால் அவன் தன் கோலைப் பார்த்துப் பின்னோக்கி ஓடியாகவேண்டும். பந்தையும் முதுகுக்குப் பின்னால் வருபவனையும் ஒரே சமயத்தில் அவனால் பார்க்க முடியாது. முன்கூட்டியே உள்ளே போய் நிற்பவன் அவன் கண்ணில் பட்டுவிடுகிறான். பின்தங்கி வருபவன் படுவதில்லை. ஆஃப்சைடு தொல்லையும் குறைவு, ஏனென்றால் பந்துக்குப் பின்னால் இருப்பவன் ஆஃப்சைடு ஆகமாட்டான்.

ஆனால் அந்த இடம் தானாகத் திறக்காது. நியர் போஸ்டுக்கு ஒருவன் முழு மூச்சாக ஓடவேண்டும். பந்து தனக்குத்தான் வரும் என்று அவன் நம்பி ஓடினால்தான் சென்டர்பேக் கூடவே போவான். சும்மா பாவனை காட்டினால் போகமாட்டான். கோல்கீப்பரும் அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்வார். ஃபார் போஸ்ட் பையன் கம்பத்துக்கு வெளியே, கடைசி டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் இருந்தபடி, பந்து கோல்கீப்பரைத் தாண்டும்போது உள்ளே வரவேண்டும். சீக்கிரம் வந்துவிட்டால் அவனும் பார்வையாளன்தான்.

2018 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக பெல்ஜியம் கடைசி நொடிகளில் போட்ட மூன்றாவது கோலைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். வலப்பக்கமிருந்து மூனியே தாழ்வாகக் குறுக்கே கொடுத்த பந்தை லுகாகு தொடவே இல்லை, விட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் ஓடி வந்த ஷாட்லி அதை உள்ளே தள்ளினார். எல்லாரும் லுகாகு தொடாமல் விட்டதைத்தான் பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஷாட்லியை: மூனியே அடிக்கும் கணத்தில் படத்தை நிறுத்தி, அவர் பந்து வரப்போகும் இடத்திலிருந்து இன்னும் எவ்வளவு பின்னால் இருக்கிறார் என்று பாருங்கள்.

எப்போது கிளம்புவது என்பதுதான் கடினம். எனக்குக் கைகொடுத்த அடையாளம் ஒன்று உண்டு. அடிப்பதற்கு முன் விங்கர் பந்தைக் கடைசியாக ஒரு தடவை முன்னே தட்டிவிட்டு அடியைச் சுருக்குவான். அந்தத் தட்டலில் கிளம்பவேண்டும். அவன் தலை குனிந்து அடிக்கும்போது கிளம்பினால் பிந்திவிடும். விங்கர் கோட்டுக்குப் போகாமல் தூரத்திலிருந்தே உயரமாகத் தூக்கினால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பந்து காற்றில் இருக்கும் நேரம் அதிகம், டிஃபெண்டர்களும் பந்தைப் பார்த்தபடியே நிற்கிறார்கள். இரண்டையும் ஒரே பயிற்சியில் கலக்காதீர்கள்.

கூம்புகளை நட்டு வைத்து கிராஸ் பழக்குவதையும் கொஞ்சம் குறையுங்கள். கூம்பு திரும்பி ஓடாது. இரண்டு டிஃபெண்டர்களை 25 மீட்டரிலிருந்து கோலை நோக்கி ஓடவிட்டு, பின்னால் மூன்று பேரை அனுப்புங்கள். ஒருவர் கைபேசியில் படமெடுக்கட்டும். விங்கர் அடிக்கும் கணத்தில் நிறுத்தி ஸ்ட்ரைக்கரின் கால்களை மட்டும் பாருங்கள். இரண்டும் தரையில் ஊன்றியிருந்தால் அவன் சீக்கிரம் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு நான் அதே இடத்தில்தான் நிற்பேன். ஒரே ஒரு ஆட்டத்துக்காவது “உள்ளே போ” என்பதற்குப் பதில் “இரு, இரு... இப்போ!” என்று கத்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
சீக்கிரம் போய் நின்றே பாதி கோல்களைத் தவறவிட்ட ஒரு பழைய ஒன்பதாம் நம்பர்