இருபத்தொன்றரை பவர் லென்ஸுக்குப் பொறுப்பாளர் யார்?

மதிப்புக்குரிய கண் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், மருத்துவமனை முதன்மை நிர்வாகி அவர்களுக்கும், டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஒருத்தி வணக்கத்துடன் எழுதுவது.

மருத்துவமனை வாரியத்தில் சமூகப் பிரதிநிதியாக இரண்டு முறை வாய்மொழியாகச் சொல்லியும் குறிப்பேட்டில் ஏறாததால், இம்முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய ஆண்டுச் செயல்திட்டத்தை உங்கள் தாழ்வாரச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். கண்புரை அறுவை ஆண்டுக்கு 960, காலாண்டுக்கு 240 என்பது இலக்கு. முதல் காலாண்டில் நடந்தவை 139. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'பணியாளர் பற்றாக்குறை' என்றும், நடவடிக்கைக் கட்டத்தில் 'தொடர்ந்து கண்காணிக்கப்படும்' என்றும் இருக்கிறது.

குறைந்த 101 அறுவைகளும் ஒரே காரணத்தால் குறையவில்லை. உங்களுக்குத் தியேட்டர் கிடைப்பது செவ்வாயும் வியாழனும்; நாளொன்றுக்கு எட்டுப் பேர். ஈஸ்டர், விடுதலை நாள், தொழிலாளர் நாள், இளைஞர் நாள் என்று விடுமுறைகள் குவியும் அந்தக் காலாண்டில் பன்னிரண்டு வாரம் முழுமையாகக் கிடைத்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 192-க்கு மேல் இடமே இல்லை. ஆகவே 48 அறுவைகள் திட்டம் எழுதப்பட்ட அன்றே தவறிவிட்டன. இலக்கை எழுதியவர் தியேட்டர் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. மீதி 53 பேர் பட்டியலில் பெயர் இருந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் 29 பேருக்கு எதிரே, புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்க 'லென்ஸ் இல்லை' என்று தியேட்டர் பதிவேட்டில் எழுதியிருக்கிறது.

அந்த 29 பேரில் ஒருவர் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா. சர்க்கரை நோயாளி, வயது எழுபத்தொன்று. காலை ஆறு மணிக்கே அழைத்து வந்தேன். பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை நான்கு முறை விட்டார்கள். கண்ணுக்கு மேல் மையால் அம்புக்குறியும் இட்டார்கள். ஒரு மணிக்கு வெளியே வந்த சிஸ்டர், "அம்மா, உங்கள் பவர் வரவில்லை" என்றார். அது மூன்றாவது முறை. விரிந்த பாவையோடு வெயிலில் இறங்கியவர் படிக்கட்டைக் காலால் துழாவித் தேடினார். நெற்றியில் அம்புக்குறி அப்படியே இருந்தது.

அன்று இருப்பு அட்டையில் 64 லென்ஸ்கள் இருந்தன. ஆனால் பெட்டியில் இருந்தவை பதினைந்து, பதினாறு, இருபத்தேழு டயாப்டர் போன்ற ஓரத்துப் பவர்கள். பெரும்பாலோருக்குத் தேவைப்படும் இருபதிலிருந்து இருபத்திரண்டரை வரையிலான பவரில் ஒன்றுகூட இல்லை. திட்டத்தின் வளங்கள் பகுதி 'லென்ஸ் 960' என்று எண்ணிக்கையை மட்டும் சொல்வதால், கணக்கில் இருப்பு நிறைந்தே தெரிகிறது. அக்காவின் கண்ணை அளந்து இருபத்தொன்றரை என்று கிளினிக் ஏட்டில் எழுதி ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. அந்த ஏட்டைப் பார்த்து, நான்கு வாரம் கழித்து வரவிருப்போரின் பவர்களை வெள்ளிக்கிழமைதோறும் எண்ணிக் கொள்முதல் எழுத்தரிடம் கொடுக்க அரைமணி நேரம் போதும். நான் பணியிலிருந்தபோது செய்த வேலைதான் இது.

அதை யார் செய்வது? பொறுப்பாளர் கட்டத்தில் 'கண் பிரிவு' என்று இருக்கிறது. பிரிவு என்பவர் எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் நானே போய்க் கேட்டுவிடுவேன். லென்ஸ் இருப்புக்கு ஒரே ஒரு பதவியைப் பொறுப்பாளராக எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

முதல் காலாண்டின் மறுஆய்வு ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. அதற்குள் இரண்டாம் காலாண்டில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்துவிட்டது. அடுத்த மறுஆய்வையாவது அக்டோபர் நடுவுக்குள் வையுங்கள். மாகாணத்தின் திருத்திய வரவுசெலவு நவம்பரில் வருகிறது. அதற்கு முன் கேட்டால்தான் பணத்தை இடம் மாற்ற வழியுண்டு. தவறவிட்டால், மீந்த பணத்தைத் தீர்க்க மார்ச் மாதத்தில் எந்தப் பவர் கிடைத்தாலும் வாங்கிக் குவிக்கும் வழக்கம் தொடரும். அந்த ஓரத்துப் பவர்கள் அப்படித்தான் பெட்டிக்கு வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். தொடர்ந்து கண்காணிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, கண் பிரிவில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு எப்படிச் சிரிக்காமல் இருப்பது?

மன்னிக்கவும், பணிவுடன் கேட்கவே எழுத உட்கார்ந்தேன். இலக்கைத் தியேட்டர் நாட்களிலிருந்து கணக்கிட்டுத் திருத்துங்கள், அல்லது மூன்றாவது நாளைக் கேட்டு வாங்குங்கள். எதைச் செய்தாலும், லென்ஸுக்கு ஒரு பொறுப்பாளரை அக்டோபருக்குள் எழுதிவிட அருள்கூர்ந்து வேண்டுகிறேன். அக்காவுக்கு நான்காவது முறையாகக் கொடுத்திருக்கும் நாள் அந்த மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. வலது கண், இருபத்தொன்றரை.

இப்படிக்கு,
வாரியத்தின் சமூகப் பிரதிநிதி