ஃபால்ஸ் சீலிங்கை மூடும் முன்: எம்ஆர்ஐ கட்டுமானக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைக் கட்டுமானக் குழுவினருக்கு,

வணக்கம். எம்ஆர்ஐ அறையின் ஃபால்ஸ் சீலிங்கை இந்த வாரமே மூடிவிடலாம் என்று நேற்றைய கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள். காந்தத்தின் ஹீலியம் திடீரென்று கொதித்து வாயுவானால் அதை வெளியேற்றும் குவென்ச் குழாயைப் பற்றி நான் வாயைத் திறந்ததும், "அது எப்போதோ ஒரு தடவை நடக்கிற விஷயம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. மூன்று மாதத்தில் இதே குழாயைப் பற்றி நான்கு முறை எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை, அதனால்தான் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குழாயைத் திருத்தும் வரை சீலிங்கை மூடாதீர்கள், காந்தத்தை உள்ளே இறக்காதீர்கள்.

ஒப்புதல் கொடுத்த வரைபடம் உங்களிடமே இருக்கிறது. 250 மில்லிமீட்டர் குழாய், 14 மீட்டர் நீளம், பெரிய வளைவு எல்போ இரண்டு. தளத்தில் இப்போது தொங்குவது வேறு குழாய். ஏசி டக்ட் குறுக்கே வந்தது என்று ஒரு திருப்பம், கேபிள் டிரேக்கு வழிவிட இன்னொன்று, பீமுக்குக் கீழே இறங்கி ஏற இன்னும் மூன்று என்று மொத்தம் ஐந்து குறுகிய எல்போ, நீளம் 19 மீட்டர், விட்டம் மட்டும் அதே 250. எல்லாருக்கும் வழிவிட்ட குழாய் இது. உண்மையில் மற்ற எல்லாம் இதற்குத்தான் வழிவிட்டிருக்க வேண்டும்.

வளைவு கூடினால் என்ன ஆகும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார், பதில் சொல்ல நேரம் தரவில்லை. இங்கே சொல்கிறேன். ஒரு எல்போ வாயுவுக்குத் தரும் தடையை அதே தடை தரும் நேர்குழாயின் நீளமாகக் கணக்கிடுவோம். பெரிய வளைவு என்றால் தோராயமாக விட்டத்தின் 20 மடங்கு, குறுகியது என்றால் 30 மடங்கு. வரைபடத்தில் இருந்தது 14 மீட்டரோடு எல்போவுக்கு 5 மீட்டர் வீதம் இரண்டு, ஆக 24 மீட்டர். இப்போது இருப்பது 19 மீட்டரோடு எல்போவுக்கு ஏழரை மீட்டர் வீதம் ஐந்து, ஆக 56 மீட்டருக்கும் மேல். அழுத்த இழப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. காந்தத்தைத் தயாரித்தவர் கொடுத்த அட்டவணையில் இவ்வளவுதான் அழுத்தம் ஏறலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த அட்டவணையோடு ஒப்பிட்ட கணக்கை யாராவது போட்டிருந்தால் காட்டுங்கள். நான் பார்த்த கோப்பில் இல்லை.

குவென்ச் ஆகும்போது காந்தச் சுருள் மீக்கடத்தும் தன்மையை இழந்து சூடாகிறது, மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் திரவ ஹீலியம் கொதித்து வாயுவாகிறது. ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலைக்கு வரும்போது சுமார் 750 லிட்டர் வாயு. நம் காந்தத்தில் 1500 லிட்டர் இருக்கும். முழுவதும் ஆவியானால் 1100 கன மீட்டருக்கு மேல். நம் ஸ்கேன் அறையின் கொள்ளளவு 100 கன மீட்டர்கூட இல்லை. சில நிமிடங்களில் வெளியே போக வேண்டிய அவ்வளவு வாயுவுக்கும் இந்த ஒரு குழாய்தான் வழி.

குழாய் அடைத்தாலோ இணைப்பு விட்டாலோ ஹீலியம் அறைக்குள் வரும், ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அப்போது உள்ளே நோயாளி மேசையில் படுத்திருப்பார், டெக்னீஷியன் அவரை வெளியே இழுக்கப் போயிருப்பார். வெளி ரேடியோ இரைச்சல் நுழையாமல் ஸ்கேன் அறையைச் சுற்றிப் போட்ட உலோகக் கூடான நம் ஆர்எஃப் கேஜின் கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். அறைக்குள் அழுத்தம் வெறும் 1 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு ஏறினாலே அந்தக் கதவை 210 கிலோ எடை சாத்திப் பிடிப்பது போல ஆகும். கைப்பிடியில் பிடித்துத் திறக்க அதில் பாதி வேண்டும். நூறு கிலோவைத் தாண்டிய இழுவை. வெளியில் இருந்து தள்ளியும் திறக்க முடியாது, உள்ளே இருந்து இழுத்தும் திறக்க முடியாது. கதவை வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றுங்கள், அல்லது அழுத்தம் வெளியேற ஒரு திறப்பு வையுங்கள் என்று முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். குழாயின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. மழை மூடி இல்லை, வலை இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி வார்டுக்குப் புதுக்காற்று இழுக்கும் வாய். கீழே வந்து, பீமுக்கு அடியில் இருக்கும் தாழ்ந்த வளைவில் ஃபிளாஞ்ச் போல்ட்டைத் தளர்த்தினேன். அரை வாளி தண்ணீர் கொட்டியது, கூடவே கறுத்துப்போன சுள்ளியும் புறா இறகும். அங்கே ஒரு டிரெயின்கூட வைக்கவில்லை. குவென்ச் ஆன அந்த நொடியில் இந்தத் தண்ணீர் உறைந்து பனிக்கட்டி அடைப்பாக நிற்கும். எப்போதோ நடப்பது என்றீர்களே, அந்த ஒரு தடவைக்காகத்தான் இந்தக் குழாயே போடுகிறோம்.

அதே குழாயில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. குழாய் ஆர்எஃப் கேஜுக்குள் நுழையும் இடத்தில் மின்சாரம் கடத்தாத இணைப்பு ஒன்று வேண்டும். கேஜுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் எர்த், மற்றபடி கட்டடத்தை அது தொடக் கூடாது. அந்த இணைப்பின் மேலேயே இரும்புக் கிளாம்ப் போட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டார்கள். எர்த் கம்பியைக் கழற்றி அளந்தேன். ஆயிரம் ஓம்முக்கு மேல் காட்ட வேண்டிய மீட்டர் ஏழு ஓம் காட்டியது. 1.5 டெஸ்லா காந்தம் கேட்கும் சிக்னல் 63.9 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் வெளி இரைச்சல் நுழைந்தால் படத்தில் புள்ளிக்கோடுகள் விழும், பிறகு கருவியைக் குறை சொல்வோம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஹீலியத்தைக் குளிராக வைக்கும் கம்ப்ரசருக்குத் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கும் சில்லர் இயந்திரத்தை, மின்தடையின்போது நிறுத்திவிடும் ஏசி லோடுகளோடு சேர்த்திருக்கிறீர்கள். ஸ்கேன் நடக்காத ராத்திரியிலும் அது ஓட வேண்டும். தண்ணீர் நின்றால் கம்ப்ரசர் நிற்கும், ஹீலியம் மெல்ல ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் ஜெனரேட்டர் லைனுக்கு மாற்ற ஒரு நாள் வேலைதான். சுவர் டைல்ஸின் நிறத்துக்கு மூன்று கூட்டம் போட்ட குழு இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். செய்ய வேண்டியது பெரிதில்லை. டக்ட்டையும் கேபிள் டிரேயையும் நகர்த்தி, குழாயைப் பழைய வரைபடத்துக்கே கொண்டுவருவது நல்லது. அது முடியாது என்றால் 300 மில்லிமீட்டருக்கு மாறி, ஐந்து வளைவையும் பெரிய வளைவாகப் போட்டாலும் தடை பழைய கணக்குக்குள் வரும். தடை ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் குறைவதால்தான் இது சாத்தியம். தாழ்ந்த இடத்தில் டிரெயின், மாடியில் மூடியும் வலையும், வாயைக் காற்று உள்ளிழுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைப்பது, இவையும் சேர்ந்தே ஆக வேண்டும். பிறகு காந்தத் தயாரிப்பாளரிடம் கணக்கைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

காந்தம் ஹீலியத்தோடுதான் வந்து இறங்கும், இறங்கியதுமே இந்தக் குழாயில் இணைத்தாக வேண்டும். அதற்கு அப்புறம் திருத்த இடமில்லை. எனவே தயவுசெய்து, இந்த வாரம் சீலிங்கை மூடும் உத்தரவை நிறுத்திவையுங்கள். வியாழக்கிழமை காலை உங்களில் இரண்டு பேர் என்னோடு வந்தால் போதும், ஏணியும் டார்ச்சும் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
உங்கள் கட்டடப் பணிப் பிரிவுப் பொறியாளர்