தனியார் பள்ளி நிர்வாகங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"தடுப்பூசி அவரவர் விருப்பம், பள்ளி ஏன் தலையிட வேண்டும்?" என்ற பேச்சு உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. ரூபெல்லா விஷயத்தில் மட்டுமாவது இதை மறுபடி யோசிக்கச் சொல்லி எழுதுகிறேன். நான் குழந்தைகள் மருத்துவர்.

ஐந்து வயதுப் பையனுக்கு ரூபெல்லா வந்தால் லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, அவ்வளவுதான். அதே கிருமி அவனிடமிருந்து, கருவுற்று இரண்டு மாதமான வகுப்பாசிரியைக்குத் தொற்றினால் கதையே வேறு. முதல் பன்னிரண்டு வாரங்களில் தாய்க்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது கருக்கள் வரை பாதிக்கப்படலாம். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று பிள்ளை பிறக்கும். பையனுக்குப் போடும் ஊசியின் பெரும்பயன் இன்னும் பிறக்காத, யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்குப் போகிறது. பொருளியலில் இதைப் புறப்பயன் என்பார்கள்.

காசு கொடுத்து வாங்கும் பொருளாக இந்த ஊசி இருந்தால், அந்த அப்பா தன் பையனுக்கு என்ன லாபம் என்றுதான் பார்ப்பார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஆசிரியையின் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மைக்கு அவரிடம் யாரும் விலை கொடுப்பதில்லை, அதனால் அது அவர் கணக்கிலேயே வராது. அப்படிப் பலர் விட்டுவிடும்போது, ஊர் முழுவதற்கும் தேவையான அளவை விடக் குறைவாகவே ஊசி போடப்படும்.

இதில் குறைவு என்பது வெறும் குறைவோடு நிற்பதில்லை. கிரேக்க நாட்டில் 1970களின் நடுவிலிருந்தே இந்த ஊசி கிடைத்தது. ஆனால் எல்லாருக்கும் போட்டு முடிக்கும் முனைப்பு இல்லை. 1980களில் பாதிக் குழந்தைகளுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. போட்ட அளவுக்குக் கிருமி ஒழியவில்லை, முன்பை விட மெதுவாகச் சுற்றியது. ஊசி போடாத பெண் குழந்தைகள் பலர் சிறுவயதில் தொற்றாமலே தப்பி, எதிர்ப்புச் சக்தி இல்லாமல் தாய்மை வயதுக்கு வந்தார்கள். 1993இல் கொள்ளைநோய் பரவியது. அதன் பின்விளைவாக, பிறவி ரூபெல்லா பாதிப்புடன் 25 குழந்தைகள் பிறந்தது ஆய்வகத்தில் உறுதியானது. அரைகுறையாகப் போட்டது, பாதிப்பைக் குழந்தைகளிடமிருந்து கர்ப்பிணிகள் பக்கம் தள்ளிவிட்டது. எண்பது சதவீதத்துக்கு மேல் போட முடியும் என்ற உறுதி இருந்தால்தான் ரூபெல்லா ஊசியைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லி வந்தது இதனால்தான்.

இங்கே 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அப்போது மறுத்த பெற்றோர் நிறைய. இப்போது ஒன்பது மாதத்துக்கு மேல் ஒன்று, பதினாறு மாதத்துக்கு மேல் ஒன்று என இரண்டு தவணைகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடப்படுகின்றன. விலை போய்விட்டது. அலைச்சலும் அரை நாள் சம்பளமும் தயக்கமும் போகவில்லை.

நான் கேட்பது இதுதான். சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டையைப் பார்த்து, இரண்டு தவணையும் இருக்கிறதா என்று பதிவு செய்யுங்கள். விடுபட்ட பிள்ளைகளின் பட்டியலைச் சுகாதார நிலையத்துக்குக் கொடுத்து, செவிலியரைப் பள்ளிக்கே வரவழையுங்கள். ஊசி போடவில்லை என்று எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்காதீர்கள். அந்தப் பிள்ளை படிப்பதும் ஊருக்கான நன்மைதான். புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியைகளிடமும், கருவுறும் முன்பே, ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். கர்ப்பகாலத்தில் இந்த ஊசியைப் போட முடியாது.

அன்புடன்,
ஒரு குழந்தைகள் மருத்துவர்